அந்த மாடு ஏன் கன்று வீசியது?

கேள்வி

வணக்கம் டாக்டர். கால்நடை மருத்துவப் படிப்பின் கடைசிக் கட்டத்தில், பயிற்சிக் காலத்தில் இருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன், 7 மாதச் சினை கலைந்து கன்று வீசிய ஒரு மாட்டைப் பார்க்கப் போனோம். நஞ்சுக்கொடி விழவில்லை. என்னை எடுக்கச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் முயன்றும் பாதிதான் வந்தது. நடுவில் நீளக் கையுறையும் கிழிந்துவிட்டது. "உனக்குக் கை வராதும்மா, பேசாம லேபுக்குப் போயிடு" என்றார் கூட வந்த டாக்டர். ஊசி போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டோம். ஏன் கன்று வீசியது என்று யாரும் கேட்கவே இல்லை. இன்றுவரை அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

இப்போது ஒரு பேராசிரியர் தன் ஆய்வகத்தில் நேரடியாக பி.எச்டி. சேரச் சொல்கிறார். கன்று வீச்சு நோய்க்கான சோதனை முறைகள் பற்றிய ஆராய்ச்சி. பெரிய கால்நடைகளைப் பார்க்கும் தனியார் மருத்துவமனை ஒன்று வேலை தருகிறது. வீட்டில் அரசுப் பணிக்குத் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். அரசு வேலை என்றால் கோப்பும் முத்திரையும்தானே, படித்ததெல்லாம் வீணாகிவிடும் என்று தோன்றுகிறது. ஆராய்ச்சிக்குப் போனாலும் மருத்துவர் பதிவு கையில் இருக்கும். வேண்டும்போது சிகிச்சைக்குத் திரும்பிக்கொள்ளலாம் அல்லவா? எதை எடுக்கட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

வேலையைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் நீங்கள் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடைசி மூன்று மாதச் சினையில் வீசிய கன்று, விழாத நஞ்சுக்கொடி, கிழிந்த கையுறை. இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வர வேண்டிய பெயர், கன்று வீச்சு நோயை உண்டாக்கும் புருசெல்லா என்ற கிருமி. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் மனிதருக்குத் தொற்றுகிறவற்றில் இதைத்தான் முதலில் விலக்க வேண்டும். தொற்றிய பிறகு அறிகுறி தெரியப் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். சிலருக்குப் பல மாதங்களும் ஆகலாம். மாலையில் ஏறி இறங்கும் காய்ச்சல், இரவு வியர்வை, இடுப்பு வலி, காரணமில்லாத அசதி என்றுதான் வரும். வந்தாலும் "வேலை அலுப்பு" என்று தள்ளிவிடுவோம். உங்களுக்கு ஒன்றுமே தோன்றாவிட்டாலும் ஒரு மருத்துவரிடம் போய், "கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியில் வெறுங்கை பட்டது" என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்கு இந்த நோய் நினைவுக்கு வர வழியில்லை. ரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பும்போதும் புருசெல்லா சந்தேகம் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்தக் கிருமி வளர்ப்புத் தட்டிலிருந்து ஆய்வக ஊழியர்களையும் தொற்றக்கூடியது.

அடுத்தது "கை வராது" என்ற தீர்ப்பு. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. தங்கிப்போன நஞ்சுக்கொடியைக் கையை விட்டுப் பிய்த்து எடுப்பது, செய்தே ஆக வேண்டிய வேலை என்று இன்றைய மகப்பேற்றியல் சொல்வதில்லை. பொதுவாகச் செய்யாதே என்றுதான் சொல்கிறது. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரின் குமிழ்களோடு பற்றிக்கொண்டிருக்கிறது. வலிந்து இழுத்தால் குமிழ் கிழிந்து, ரத்தம் கசிந்து, கிருமி உள்ளே போக வழி உண்டாகும். மாட்டுக்குக் காய்ச்சல் இருக்கிறதா, தீனி எடுக்கிறதா என்று பார்த்து, காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்து, தானாக அழுகி விழ விடுவதே பெரும்பாலும் போதும். முக்கால் மணி நேரம் முயன்றும் வரவில்லை என்றால் அது இன்னும் பற்றுவிடவில்லை என்றுதான் பொருள். உங்கள் கையின் திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஒரு மாலையை வைத்து வாழ்க்கைப் பாதையை முடிவு செய்ய வேண்டாம்.

கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு வரி. நஞ்சுக்கொடி வராததைவிட, ஏன் வீசியது என்று யாரும் கேட்காததுதான் உங்களை அரிக்கிறது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே மூன்று வேலைகளையும் பார்த்துவிடலாம்.

ஒரே மாடு, மூன்று பேருடைய வேலை

அதே கொட்டகைக்குச் சிகிச்சை செய்யும் மருத்துவராகப் போகிறீர்கள் என்று வையுங்கள். மாட்டுக்காரருக்கு வேண்டியது இந்த மாடு பிழைக்க வேண்டும், மறுபடி சினை பிடிக்க வேண்டும். அதைக் கவனிக்கும்போதே இன்னொரு வேலையும் உங்களுடையது. இரண்டு அடுக்குக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி போட்டுக்கொண்டு வீசிய கன்றின் வயிற்று நீர், மண்ணீரல், நுரையீரல், நஞ்சுக்கொடியின் ஒரு குமிழ்ப் பகுதி, தாயின் ரத்தம் இவற்றை எடுத்துக் கசியாமல் கட்டி, குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். மிச்சத்தை நாய் இழுத்துப் போகாதபடி ஆழமாகப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். மாட்டை மற்ற மாடுகளிடமிருந்து பிரித்துக் கட்டச் சொல்ல வேண்டும். வீட்டில் பச்சைப் பால் குடிக்கிறார்களா, கர்ப்பமாக இருப்பவர்கள் யாரும் கொட்டகையில் வேலை செய்கிறார்களா என்று கேட்க வேண்டும். இவ்வளவும் செய்து அனுப்பினாலும், காரணம் தெரியாமலே போகும் கருச்சிதைவுகள் ஏராளம். கன்று அழுகியிருக்கும், மாதிரி தாமதமாகப் போயிருக்கும், அல்லது நோய் வாரக்கணக்கில் முன்பே வந்து போயிருக்கும். சிகிச்சைப் பணியில் இருப்பவர் பதில் கிடைக்காத கேள்வியோடு அடுத்த கொட்டகைக்குப் போகப் பழக வேண்டும். உங்களுக்கு அது எவ்வளவு கடினம் என்பது ஒரு நல்ல சோதனை.

இப்போது அரசுப் பணியில் இருப்பவரின் நாள். மந்தையில் ஒரு மாடு வீசியிருக்கிறது என்ற தகவல் வருகிறது. அவருக்கு அந்த ஒரு மாட்டைவிட, அது எங்கிருந்து வாங்கப்பட்டது, அதோடு வந்த மாடுகள் எங்கே போயின என்பதுதான் முதல் கவலை. ரோஸ் பெங்கால் சோதனையை நீங்கள் கல்லூரியில் செய்திருப்பீர்கள். 30 மைக்ரோலிட்டர் சீரம், அதே அளவு இளஞ்சிவப்பு ஆன்டிஜென், கலந்து 4 நிமிடம் ஆட்டினால், சீரத்தில் புருசெல்லாவுக்கான எதிர்ப்புப் புரதம் இருந்தால் துகள் திரளும். அதைச் செய்ய ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். கிடைக்கிற எண்ணை என்ன செய்வது என்பதில்தான் படிப்பு வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் 1,000 மாடுகள். உண்மையில் நோயுள்ளவை 20. கையில் உள்ள சோதனை, நோயுள்ள 100-இல் 95-ஐக் கண்டுபிடிக்கும்; நோயில்லாத 100-இல் 98-ஐச் சரியாக விட்டுவிடும். கேட்க அருமையாக இருக்கிறது. நோயுள்ள 20-இல் 19 பிடிபடும். ஆனால் நோயில்லாத 980-இலும் ஏறத்தாழ 20 மாடுகள் பாசிட்டிவ் என்று வரும். மொத்தம் 39 பாசிட்டிவ். அதில் பாதிக்குமேல் ஒரு தப்பும் செய்யாதவை. இந்த 39-ஐயும் அப்புறப்படுத்தச் சொல்லி எழுதினால் 20 குடும்பங்களுக்குக் காரணமில்லாமல் கறவை மாடு போகும். ஒன்றும் செய்யாமல் விட்டால் 19 மாடுகள் அடுத்த ஈற்றில் கொட்டகையெல்லாம் கிருமியைக் கொட்டும். எனவே எலைசா, நிரப்புப் பிணைப்புச் சோதனை என்று வேறு முறையில் உறுதிசெய்ய வேண்டும். எந்த மாடு கன்றாக இருந்தபோது தடுப்பூசி போட்டது என்ற பதிவைத் தேட வேண்டும். இன்னொரு பொறியும் உண்டு. தொற்றிய கிடேரி ஒன்று ஈனும்வரையோ வீசும்வரையோ நெகட்டிவ் காட்டலாம். அதனால் ஈன்ற சில வாரங்களில் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். கோப்பும் முத்திரையும் இருக்கத்தான் செய்கின்றன, மறுக்கவில்லை. சில பணியிடங்களில் அவை மட்டுமே இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் அந்த முத்திரைக்குப் பின்னால் இப்படி ஒரு தீர்ப்பு இருந்தால், படித்ததில் எதுவும் வீணாகாது.

மூன்றாவது ஆள், உங்கள் பேராசிரியரின் ஆய்வகத்தில் இருப்பவர். அந்த 20 பொய்ப் பாசிட்டிவ்கள் ஏன் வந்தன என்பது அவர் கேள்வி. புருசெல்லாவின் மேலுறையில் உள்ள சர்க்கரைச் சங்கிலியும், யெர்சினியா என்ட்ரோகோலிட்டிகா என்ற குடல் கிருமியின் ஒரு வகையான ஓ:9-இல் உள்ள சங்கிலியும் கிட்டத்தட்ட ஒன்று. பழைய தடுப்பூசியான எஸ்19-இலும் அதே சங்கிலி இருக்கிறது. மாட்டின் எதிர்ப்புப் புரதத்துக்கு இவற்றைப் பிரித்தறியத் தெரியாது. இதற்கு விடையாகத்தான் அந்தச் சங்கிலியை இழந்த ஆர்.பி.51 என்ற தடுப்பூசி வகை வந்தது. அதைப் போட்ட மாடு வழக்கமான சோதனைகளில் பாசிட்டிவ் காட்டாது. ஆனால் ஊசி போடும் மருத்துவர் கையில் அது குத்திவிட்டால், அவருடைய ரத்தத்திலும் வழக்கமான சோதனை எதையும் காட்டாது. போதாக்குறைக்கு, இந்த நோய்க்கு மனிதருக்குக் கொடுக்கும் முக்கிய மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் அந்தத் தடுப்பூசியில் உள்ள கிருமியிடம் எடுபடாது. ஒரு சிக்கலைத் தீர்த்த இடத்திலேயே இரண்டு சிக்கல் முளைக்கின்றன. இப்படிப்பட்ட விஷயத்தைப் படிக்கும்போது உங்களுக்குத் தூக்கம் கலைகிறது என்றால் ஆய்வகம் உங்களுக்கு ஒத்துவரும். மற்றபடி அங்கே அன்றாடம் நடப்பது, ஒரே சீரம் வரிசையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, எதிர்பார்த்தது வராமல் போவது, நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது. அடிபட்ட நாய்க்குட்டியின் கண்ணைப் பார்க்க முடியவில்லை என்று ஆய்வகத்துக்கு ஓடி வருபவர்கள் அங்கே நிலைப்பதில்லை. ஆய்வக விலங்குகளின் துன்பத்துக்கும் முடிவுக்கும் பொறுப்பேற்க வேண்டிய இடம் அது.

இந்த மூன்றும் தனித்தனி உலகம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ரிண்டர்பெஸ்ட் எனப்படும் மாட்டு வெக்கை நோயை ஒழித்த கதையில் பெரிய பெயர் வால்டர் பிளவ்ரைட். பட்டம் பெற்றதும் ராணுவக் கால்நடை மருத்துவப் பிரிவில் பணியாற்றி, பிறகு காலனி அரசின் கால்நடைப் பணியில் கென்யாவுக்குப் போனவர். அந்தத் தடுப்பூசியைச் செல் வளர்ப்பில் அவர் உருவாக்கியது முகுகாவில் இருந்த ஆய்வகத்தில்தான். நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்று 2011-இல் அறிவித்தார்கள். அதற்குள் எத்தனையோ பேர் ஊர் ஊராகப் போய் ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

எந்தக் கதவு மூடும்?

உங்கள் கடிதத்தில் நான் திருத்த வேண்டிய எண்ணம் இதுதான். பதிவு கையில் இருப்பதும், கை பழகியிருப்பதும் வேறு வேறு. பட்டம் பெற்ற முதல் இரண்டு ஆண்டுகளில்தான் சிகிச்சைத் திறன் உறைகிறது. கல்லூரியில் மேற்பார்வையோடு ஒரு முறை செய்தது, நள்ளிரவில் தனியாகப் பத்து முறை செய்தபின்தான் உங்களுடையதாகும். பட்டம் வாங்கியதும் நேரே பி.எச்டி.க்குப் போய் நான்கைந்து ஆண்டு கழித்துத் திரும்பினால், சட்டப்படி நீங்கள் மருத்துவர்; ஆனால் மயக்க மருந்து அளவைப் புத்தகம் பார்த்துப் போடும் மருத்துவர். அந்த வயதில், அந்தப் பட்டத்தோடு, புதிதாக வந்தவருக்குரிய சம்பளத்தையும் மேற்பார்வையையும் ஏற்க மனம் வராது. வேலை கொடுப்பவரும் தயங்குவார். திரும்பியவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் சிலர்தான்.

எதிர்த்திசை அப்படி இல்லை. இரண்டு ஆண்டு சிகிச்சை பார்த்துவிட்டு ஆராய்ச்சிக்கு வருபவரைப் பல ஆய்வகங்கள் விரும்பி எடுக்கின்றன. மாதிரி எப்படிக் கெட்டுப்போகிறது என்று அவருக்குத் தெரியும். கொட்டகையில் 4 நிமிடம் காத்திருந்து படிக்க முடியாத சோதனையால் பயனில்லை என்றும் தெரியும்.

ஆண்டுக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்படைப் பட்டம் பல நாடுகளில் 5 முதல் 6 ஆண்டு; அமெரிக்காவில் முன்படிப்புக்குப் பிறகு 4 ஆண்டு. அதன் மேல் சிகிச்சையிலோ நோயியலிலோ சிறப்பு நிபுணராக வேண்டுமானால் வழக்கமான பாதை, பல துறைகளில் சுழலும் பயிற்சி ஒரு ஆண்டு, பிறகு ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சி பெரும்பாலும் மூன்று ஆண்டு, முடிவில் கடினமான தேர்வு. பி.எச்டி. மூன்றிலிருந்து ஐந்து. நோய்ப் பரவலியலில் முதுநிலை ஒன்றிலிருந்து இரண்டு. பலரும் கவனிக்காத ஒன்று: சிகிச்சைத் துறை ரெசிடென்சிக்கு அந்தச் சுழற்சிப் பயிற்சியையோ அதற்கு ஈடான சிகிச்சை அனுபவத்தையோ கேட்பார்கள், பி.எச்டி. அதற்கு ஈடாகாது. வேறு நாட்டில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால், உங்கள் பட்டத்தை அந்த நாட்டின் மருத்துவர் மன்றம் ஏற்கிறதா, தனித் தேர்வு உண்டா என்று இப்போதே பாருங்கள். அந்தத் தேர்வுகள் பலவற்றில் செய்முறையும் உண்டு. கை பழக்கம் விட்டுப்போனவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

அரசுப் பணியின் கதவு வேறு மாதிரி. வயது வரம்பு இருக்கலாம், தேர்வு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, விட்டால் அடுத்தது தள்ளிப்போகும். ஆனால் உள்ளே போனபின் மேற்படிப்புக்கு விடுப்பு கிடைக்குமா, எத்தனை ஆண்டு பணி முடித்தபின், திரும்பி வந்து எத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்ற விதிகள்தான் உங்கள் ஆராய்ச்சிக் கனவைத் தீர்மானிக்கும். "சேர்ந்துவிட்டுப் படித்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் சொன்னால், அந்த விதி எழுத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் படியுங்கள்.

நானாக இருந்தால்

தனியார் மருத்துவமனை வேலையை ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுக்கு எடுப்பேன். கூடவே அரசுத் தேர்வு வந்தால் எழுதிவைப்பேன். பேராசிரியரிடம் ஆர்வத்தைச் சொல்லி, அவ்வளவு காலம் தள்ளிச் சேர முடியுமா என்று கேட்பேன். நிதி குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்றால் அவரால் காத்திருக்க முடியாமல் போகலாம். அந்த இடம் போகும். அது இழப்புதான், மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வி மந்தை அளவிலான கேள்வி. பிற்காலத்தில் கண்காணிப்புப் பணியிலோ, களத்தோடு ஒட்டிய ஆராய்ச்சியிலோ நீங்கள் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் கொட்டகை அனுபவம் முதலீடு.

ஒரே ஒரு சூழலில் இதை மாற்றிச் சொல்வேன். அந்த மருத்துவமனையில் முதல் நாளிலிருந்தே உங்களைத் தனியாக அனுப்புவார்கள் என்றால் அங்கே போக வேண்டாம். கிழிந்த கையுறையோடு பயிற்சி மாணவியை முக்கால் மணி நேரம் விட்டுவைத்தது போன்ற இடத்தில் இரண்டு ஆண்டு இருந்தால் கெட்ட பழக்கம்தான் உறையும். பலர் தொழிலையே வெறுத்து வெளியேறுவதும் அப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான். அப்போது ஆய்வகம் மேல்.

கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை

மருத்துவமனையில் கேளுங்கள்: இரவு அழைப்பு வாரத்துக்கு எத்தனை, முதல் ஆறு மாதம் எனக்குப் பின்னால் அழைத்தால் வருகிறவர் யார், கருச்சிதைவு மாதிரி கடைசியாக எப்போது அனுப்பினீர்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் முகத்தைப் பாருங்கள். சிரித்து மழுப்பினால் அங்கே உங்கள் கேள்விக்கு இடமில்லை.

பேராசிரியரிடம் கேளுங்கள்: உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு உறுதி, முன்பு சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், முடிக்காமல் போனவர்கள் யார். உயிருள்ள கிருமியைக் கையாளும் வேலை என்றால் மூன்றாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு வசதி அங்கேயே இருக்கிறதா, வேறிடத்துக்குப் போக வேண்டுமா என்றும் கேளுங்கள். சீரம் களத்திலிருந்து யார் எடுத்து வருகிறார்கள் என்று கேட்க மறக்காதீர்கள். "மாணவர்களே போவார்கள்" என்றால் கொட்டகை முழுதும் கைவிட்டுப் போகாது. "உறைபெட்டியில் பழையது நிறைய இருக்கிறது" என்றால் நான்கு ஆண்டும் நீங்கள் ஒரு மாட்டைக்கூடப் பார்க்கப்போவதில்லை.

அவரிடம் பேசப் போகும்போது பழைய மாணவர் ஒருவரின் தொடர்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். பேராசிரியர் இல்லாத இடத்தில் அவரோடு அரை மணி நேரம் பேசினால் இந்தக் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.